விருந்தினர் வைஃபை: உண்மையிலேயே தனியாக இருக்கிறதா?

வைஃபை பாஸ்வேர்டை ஒருவரிடம் சொல்லும்போது இணையத்தை மட்டும் கொடுப்பதாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே வரும் போன், நம் வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் பிரிண்டர், டிவி, கேமராப் பதிவுப் பெட்டி, கம்ப்யூட்டரில் பகிர்ந்து வைத்த ஃபோல்டர், ரூட்டரின் நிர்வாகப் பக்கம் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவற்றுக்கெல்லாம் வலுவான பூட்டு இருந்தால் கவலை இல்லை. பெரும்பாலான வீடுகளில் பிரிண்டருக்கு பூட்டே கிடையாது. ரூட்டருக்கும் கேமராப் பெட்டிக்கும் கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டையே யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

சொன்ன பாஸ்வேர்டு சொன்ன இடத்தில் நிற்பதும் இல்லை. ஆண்ட்ராய்டு 10 முதல், சேமித்து வைத்த வைஃபையை கியூஆர் கட்டமாகக் காட்டிப் பகிரலாம். பல போன்களில் அந்தக் கட்டத்துக்குக் கீழேயே பாஸ்வேர்டு எழுத்தில் தெரியும். ஒருவருக்குக் கொடுத்தது பத்துப் பேரிடம் போவதற்கு ஒரு சாயங்காலம் போதும். பிறகு அதை மாற்றலாம் என்றால், டிவி, பிரிண்டர், வீட்டில் உள்ள அத்தனை போன்கள் என்று ஒவ்வொன்றிலும் புதிதாகப் போட வேண்டும். அந்த அலுப்பினாலேயே பல வீடுகளில் ஐந்து வருடமாக ஒரே பாஸ்வேர்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கான மருந்து, இன்று கடையில் கிடைக்கும் அநேகமாக எல்லா ரூட்டர்களிலும் இருக்கிறது. விருந்தினருக்கென்று தனிப் பெயரிலும் தனி பாஸ்வேர்டிலும் இன்னொரு வைஃபை. செயலியில் இதை ஆன் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆன் செய்துவிட்டால் பிரிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். அது உண்மையில் பிரிகிறதா என்பதை, கேபிளை எங்கே செருகினோம், ரூட்டரை எந்த முறையில் ஓட்டுகிறோம் என்பவையே முடிவு செய்கின்றன.

பாளையங்கோட்டையில் என் சித்தி வீட்டில் அண்மையில் புது ரூட்டர் வைத்துக் கொடுத்தேன். இந்த விஷயத்தில் வரக்கூடிய எல்லாச் சிக்கலும் அங்கே ஒன்றாக இருந்ததால் அந்த வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். சித்தி கீழ்த்தளத்தில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறார். மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. நெட் கம்பெனிக்காரர் கொடுத்த வெள்ளைப் பெட்டி, அதாவது நாம் மோடம் என்று சொல்வது, வாசல் அறையில் இருக்கிறது. அதிலேயே வைஃபையும் உண்டு. கேமராக்களின் பதிவுப் பெட்டியான டிவிஆர், கேபிள் வழியாக அந்த மோடத்தில் செருகப்பட்டிருந்தது. பின் அறைக்கு சிக்னல் வரவில்லை என்றுதான் புது ரூட்டரே வாங்கினார்கள். ட்யூஷன் பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் மாடிக் குடும்பத்துக்கும் வீட்டு பாஸ்வேர்டு தெரியும்.

வாங்கியது டிபி-லிங்க் கம்பெனியின் ஆர்ச்சர் வரிசை ரூட்டர். அதற்கான செயலியின் பெயர் Tether. வேறு கம்பெனி ரூட்டரில் திரையின் தோற்றம் மாறுமே தவிர வேலையின் வரிசை ஒன்றுதான்.

கேபிளிலிருந்து தொடங்க வேண்டும். ரூட்டரின் பின்பக்கம் வரிசையாக இருக்கும் துளைகளில் ஒன்று மட்டும் தனி நிறத்தில் இருக்கும். இந்த வகையில் அது நீலம், பக்கத்தில் WAN என்றோ Internet என்றோ அச்சிட்டிருக்கும். மோடத்தின் LAN துளையிலிருந்து வரும் கேபிள் இந்த நீலத் துளைக்குள்தான் போக வேண்டும். எல்லாத் துளையும் ஒரே அளவு என்பதால் மற்ற துளைகளில் செருகினாலும் கச்சிதமாக உட்காரும், விளக்கும் எரியும். ஆனால் அப்போது மோடமும் ரூட்டரும் ஒரே நெட்வொர்க்கில் நின்று, வருகிற போன்களுக்கு முகவரி கொடுக்க இரண்டுமே போட்டி போடும். ஒரு போனில் நெட் வரும், அடுத்த போனில் வராது, மறுநாள் தலைகீழாகும். இப்படி ஒரு வீட்டில் நெட் வந்து வந்து போகிறது என்றால் நான் முதலில் பார்ப்பது இந்தத் துளையைத்தான். ஆர்ச்சர் ரூட்டர்கள் பலவற்றில் உலக உருண்டை போட்ட விளக்கு ஆரஞ்சாக இருந்தால் கேபிள் வந்திருக்கிறது, இணையம் வரவில்லை என்று பொருள். பச்சையானால் இணையம் வந்துவிட்டது. அந்த விளக்கு எரியவே இல்லையென்றால் நீலத் துளைக்குக் கேபிள் இணைப்பு வரவில்லை, தவறான துளையில் செருகியிருக்கலாம்.

ரூட்டரைச் சுவரில் மாட்டும் முன், அதன் அடிப்பக்கத்து லேபிளை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப வைஃபை பெயரும் அதன் எட்டு இலக்க பாஸ்வேர்டும் அதில்தான் இருக்கின்றன. பின்னாளில் ரூட்டரை ரீசெட் செய்ய வேண்டி வந்தால் ஏணி போட்டு ஏறாமல் இருக்க அந்த போட்டோ உதவும்.

இப்போது செயலி. இதை ரூட்டருக்கு மாறும் முன்பே, போனில் நெட் இருக்கும்போதே பதிவிறக்கிவிட வேண்டும். புது ரூட்டருக்கு இன்னும் இணையம் வந்திருக்காது. செயலியைத் திறந்தவுடன் ஆண்ட்ராய்டு போன் இருப்பிட அனுமதி கேட்கும். ரூட்டர் வைக்க நம் இருப்பிடம் எதற்கு என்று சிலர் மறுத்துவிடுகிறார்கள். சுற்றியிருக்கும் வைஃபை பெயர்களைப் படிப்பதையே ஆண்ட்ராய்டு இருப்பிட விவரமாகக் கணக்கில் வைக்கிறது. அதனால் அந்த அனுமதி இல்லாமல் செயலியால் ரூட்டரைத் தேட முடியாது. வேலை முடிந்ததும் அனுமதியைத் திரும்ப எடுத்துவிடலாம். ஐபோனில், உள்ளூர் நெட்வொர்க்கில் உள்ள சாதனங்களைத் தேட அனுமதிக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். அதற்கு மறுப்புச் சொல்லிவிட்டால் செயலி ரூட்டரைக் காணவில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் போய்த்தான் அதைச் சரிசெய்ய வேண்டும்.

செயலி ரூட்டரைக் கண்டுபிடிக்கவில்லை என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு வேறொரு காரணம் உண்டு. லேபிளில் உள்ள வைஃபையில் போனை இணைக்கிறோம். அதில் இணையம் இல்லை என்பதைப் போன் கண்டுபிடித்து, தானாகவே சிம் டேட்டாவுக்குத் திரும்பிவிடுகிறது. மேலே வைஃபை குறி தெரிந்தாலும் செயலியின் பேச்சு சிம் வழியாக வெளியே போய்விடும். ஆகவே இந்தப் பத்து நிமிடத்துக்கு மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள். விபிஎன் ஓடினால் அதையும் நிறுத்துங்கள். இணையம் இல்லை, இருந்தாலும் இணைப்பில் இருக்கலாமா என்று போன் கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள்.

ரூட்டர் பட்டியலில் தெரிந்ததும் செயலி முதலில் ஒரு பாஸ்வேர்டு உருவாக்கச் சொல்லும். இது வைஃபைக்கானது இல்லை, ரூட்டரின் நிர்வாகத்துக்கானது. வைஃபைக்கு வைக்கப்போகும் பாஸ்வேர்டையே இதற்கும் வைத்தால், வைஃபை கேட்டு வரும் ஒவ்வொருவருக்கும் ரூட்டரின் சாவியையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். சித்தியின் ட்யூஷன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதி வைத்தோம். வீட்டுக்குள் காகிதத்தில் எழுதி வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மறந்துபோனால் ரூட்டரையே முதலிலிருந்து அமைக்க வேண்டியிருக்கும்.

அடுத்த திரையில் இணைப்பு வகை. Dynamic IP, PPPoE, Static IP என்று இருக்கும். இந்த இடத்தில்தான் பலர் பயந்து ஆள் கூப்பிடுகிறார்கள். தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. இதுவரை மோடத்தின் வைஃபையில் போனை இணைத்தவுடன் நெட் வந்ததா? அப்படியென்றால் கம்பெனியிடம் உள்நுழையும் வேலையை மோடமே செய்துகொண்டிருக்கிறது. அதன் பின்னால் நிற்கும் புது ரூட்டருக்கு Dynamic IP போதும். மோடத்தை வெறும் இணைப்புப் பெட்டியாக, அதாவது பிரிட்ஜ் முறையில் மாற்றி வைத்திருந்தால் மட்டும் உள்நுழையும் வேலை ரூட்டருக்கு வரும். பல ஃபைபர் இணைப்புகளில் அப்போது PPPoE தேர்ந்தெடுத்து, கம்பெனி கொடுத்த பயனர்பெயரையும் பாஸ்வேர்டையும் போட வேண்டும். பிஎஸ்என்எல் ஃபைபரில் நடப்பது இதுதான். சித்தி வீட்டில் முதல் வகை. Dynamic IP-ஐத் தொட்டு அடுத்த திரைக்குப் போனோம்.

அங்கே வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும் வைக்கச் சொல்லும். பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே புது ரூட்டருக்கு வைத்துவிட்டால் எல்லாப் போனும் டிவியும் தானாக இணைந்துவிடும் என்று ஒரு யோசனை சொல்வார்கள். அது வேலை செய்யும். பழைய பாஸ்வேர்டு தெரிந்த அத்தனை பேரும் அதே சுலபத்தோடு உள்ளே வந்துவிடுவார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். விருந்தினர் வைஃபை வைக்கப்போகும் வீட்டில் அந்த யோசனை உதவாது. நாங்கள் புதுப் பெயர், புது பாஸ்வேர்டு வைத்தோம். பிரிண்டரிலும் டிவியிலும் மறுபடி போட்டது கொஞ்ச நேர வேலைதான்.

பிரிண்டர் ஒரு தடங்கல் கொடுத்தது. பெயர் தெரிந்தது, பாஸ்வேர்டு சரி, இணைய மறுத்தது. பாதுகாப்பு வகை WPA3 என்று இருந்ததுதான் காரணம். 2018-இல் அறிமுகமான அந்த முறையைப் பழைய பிரிண்டர்களும் விலை குறைந்த ஸ்மார்ட் பல்புகளும் புரிந்துகொள்வதில்லை. WPA2, WPA3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றியதும் பிரிண்டர் உள்ளே வந்தது. கலப்பு முறையிலும் இணையாத சாதனம் இருந்தால் WPA2-க்கு இறங்கலாம், நீண்ட பாஸ்வேர்டு இருந்தால் அது இன்றைக்கும் போதுமானது. இன்னொன்று, இப்படிப்பட்ட சாதனங்களில் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் அவற்றின் கண்ணுக்கே படாது.

எல்லாவற்றையும் சேமித்தவுடன் செயலி இணைப்பை இழந்துவிட்டதாகச் சொல்லும். பயப்பட ஒன்றும் இல்லை. வைஃபையின் பெயரே மாறிவிட்டதால் போன் கழன்றுவிடுகிறது. புதுப் பெயரில் இணைந்து செயலியைத் திறந்தால் ரூட்டர் அங்கே இருக்கும். புது மென்பொருள் வந்திருக்கிறது என்று காட்டினால் அப்போதே ஏற்றிவிடுவது நல்லது. ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை மட்டும் நிறுத்தக் கூடாது.

இனி விருந்தினர் வைஃபை. செயலியில் Guest Network என்று ஓர் இடம் இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு அது வேறு மெனுவுக்கு இடம் மாறுகிறது, பெயர் மாறவில்லை. 2.4-க்கும் 5-க்கும் தனித்தனியாக ஆன் செய்யலாம். பிள்ளைகளின் போன்கள் எல்லா விலையிலும் இருக்கும் என்பதால் இரண்டையும் ஆன் செய்து, ஒரு பெயரும் பாஸ்வேர்டும் வைத்தோம். பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து வைக்கவும் அது வழி கொடுக்கும். தெருவில் நிற்பவர்கூட நம் இணைப்பில் வர அது இடம் கொடுக்கும் என்பதால் அந்த வழி வேண்டாம்.

“ஏய்யா, ரெண்டு பேரு எதுக்கு? இருக்கிற பாஸ்வேர்டையே மாத்திட்டா ஆகாதா?” என்று சித்தி கேட்டார்.

“மாத்துனா திரும்பவும் பிள்ளைங்க கேட்கத்தானே செய்யும் சித்தி? கொடுத்தா மறுபடியும் பிரிண்டர், கேமரா எல்லாம் அதே வைஃபையில வந்து நிக்கும். இது தனியா இருந்தா வருஷாவருஷம் பிள்ளைங்க மாறும்போது இதை மட்டும் மாத்திக்கலாம். உங்க டிவியைத் தொட வேண்டாம்.”

சித்திக்கு அந்தக் கடைசி வரிதான் பிடித்தது.

இந்தத் திரையில் மிக முக்கியமான இடம், பெயரும் பாஸ்வேர்டும் தாண்டி அடியில் இருக்கிறது. “Allow guests to access my local network” என்று ஒரு வரி. விருந்தினர் நம் வீட்டு நெட்வொர்க்கைத் தொடலாமா என்று கேட்கிறது. இது ஆஃபில் இருக்க வேண்டும். ஆன் செய்துவிட்டால் விருந்தினர் வைஃபை என்பது இன்னொரு பெயர்ப்பலகை மட்டுமே, பிரிவினை எதுவும் இல்லை. பல மாதிரிகளில், விருந்தினர்கள் ஒருவரையொருவர் பார்க்கலாமா என்று இன்னொரு வரியும் இருக்கும். அதையும் ஆஃபில் வைத்தால் ஒரு பிள்ளையின் போனிலிருந்து இன்னொரு பிள்ளையின் போனை நெட்வொர்க் வழியாக எட்ட முடியாது. ட்யூஷன் வீட்டுக்கு அது தேவை.

அத்துடன் செயலி பச்சைக் குறி காட்டி வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டது. நாங்கள் அங்கே நிறுத்தவில்லை.

சித்தியின் போனை வீட்டு வைஃபையிலும் என் போனை விருந்தினர் வைஃபையிலும் இணைத்து, இரண்டிலும் மொபைல் டேட்டாவை அணைத்தோம். இரண்டு போனின் பிரவுசரிலும் முகவரி இடத்தில் ரூட்டரின் எண்ணைத் தட்டினோம்.

```
http://192.168.0.1
```

சித்தியின் போனில் ரூட்டரின் உள்நுழையும் பக்கம் வந்தது. என் போனில் வரவில்லை, சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. நமக்கு வேண்டியது அதுதான். பிரிண்டரின் முகவரியைச் செயலியின் சாதனப் பட்டியலில் பார்த்து அதையும் தட்டினோம். என் போனில் திறக்கவில்லை. விருந்தினர் போனுக்கும் 192.168.0 என்று தொடங்கும் முகவரிதான் கிடைத்திருக்கிறது, அப்படியானால் பிரியவில்லையோ என்று சிலர் குழம்புவது உண்டு. பல ரூட்டர்கள் ஒரே வரிசை எண்ணைக் கொடுத்துவிட்டு, இடையில் போக்குவரத்தை மட்டும் தடுக்கின்றன. எண்ணைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பக்கம் திறக்கிறதா என்பதே சோதனை.

அடுத்து, பழைய மோடத்தின் எண்ணை என் போனில் தட்டினேன்.

```
http://192.168.1.1
```

மோடத்தின் உள்நுழையும் பக்கம் திறந்தது. விருந்தினர் வைஃபையில் இருந்துகொண்டே. அதோடு டிவிஆரின் முகவரியைத் தட்டியபோது கேமராக்களின் உள்நுழையும் பக்கமும் திறந்தது.

ரூட்டர் பழுது இல்லை. தன் பின்னால் இருக்கும் வீட்டு நெட்வொர்க்கை விருந்தினருக்கு மூடி வைப்பதே அதன் வேலை. அதைச் சரியாகச் செய்தது. நீலத் துளைக்கு வெளியே இருப்பது எல்லாம் அதற்கு இணையம். விருந்தினருக்கு இணையத்தைத்தான் திறந்துவிடச் சொல்லியிருக்கிறோம். மோடமும் அதில் செருகியிருந்த டிவிஆரும் நீலத் துளைக்கு வெளியே நின்றன. வீட்டுக்குள் போகும் கதவைப் பூட்டிவிட்டு, தெருவுக்குப் போகும் நடையில் பீரோவை வைத்திருந்தது போன்ற அமைப்பு அது. மோடத்தோடு புது ரூட்டரைச் சேர்க்கும் வீடுகளில் இந்த ஓட்டை மிகவும் சாதாரணம். விருந்தினர் வைஃபை எத்தனை நன்றாக அமைத்தாலும், செயலி இதைக் காட்டிக்கொடுக்காது.

சரிசெய்ய மூன்று காரியம் செய்தோம். முதலில், டிவிஆரின் கேபிளை மோடத்திலிருந்து எடுத்து புது ரூட்டரின் LAN துளையில் செருகினோம். செருகியதும் சித்தப்பாவின் போனில் கேமராக் காட்சி நின்றுபோனது. டிவிஆரை மாட்டியவர் அதற்கு 192.168.1 என்று தொடங்கும் ஒரு நிலையான முகவரியைக் கையால் எழுதி வைத்திருந்தார். புது ரூட்டரின் வரிசை 192.168.0 என்பதால் அந்த எண்ணோடு அது எங்கேயும் பேச முடியாது. டிவிஆரின் நெட்வொர்க் மெனுவில் போய் DHCP என்பதை ஆன் செய்து, ரூட்டரே முகவரி கொடுக்கும்படி விட்டதும் காட்சி திரும்பியது. வெளியூரிலிருந்து கேமரா பார்ப்பதற்கும் தடை வரவில்லை. இன்றைய டிவிஆர்களில் பெரும்பாலானவை கம்பெனியின் சர்வர் வழியாகப் போனோடு பேசுகின்றன. பழைய முறையில் மோடத்தில் போர்ட் திறந்து வைத்திருக்கும் வீடுகளில் மட்டும் அதைப் புது ரூட்டருக்கும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மோடத்தின் சொந்த வைஃபையை அதன் பக்கத்தில் போய் அணைத்தோம். அது ஓடிக்கொண்டிருந்தால் பழைய பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் அந்த வழியே வந்துகொண்டிருப்பார்கள். பக்கத்து அறையில் இரண்டு வைஃபை ஒன்றோடொன்று அலைவரிசைக்கு முட்டிக்கொள்வதும் இதனால் நின்றது. மூன்றாவது, மோடத்தின் நிர்வாக பாஸ்வேர்டை மாற்றினோம். அந்தப் பக்கம் விருந்தினர் போனில் இப்போதும் திறக்கத்தான் செய்யும், உள்ளே நுழையத்தான் முடியாது. அதுவும் தெரியக் கூடாது என்றால் மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு மாற்றும்படி கம்பெனியிடம் கேட்க வேண்டும். மோடத்திலேயே லேண்ட்லைன் போனும் செருகியிருந்தால் அது தொடர்ந்து வேலை செய்யுமா என்று கேட்டுக்கொண்டு மாற்றச் சொல்லுங்கள்.

இந்த இரட்டை அடுக்கைத் தவிர்க்க, புது ரூட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறையில் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். செயலியிலேயே அந்தத் தேர்வு இருக்கிறது. சிக்னல் தூரத்தை நீட்டுவது மட்டும் நோக்கம் என்றால் அது நல்ல வழிதான். ஆனால் அந்த முறையில் முகவரி கொடுப்பதையும் போக்குவரத்தைப் பிரிப்பதையும் ரூட்டர் கைவிட்டு, எல்லாவற்றையும் மோடத்திடமே அனுப்பிவிடுகிறது. பல மாதிரிகளில் விருந்தினர் வைஃபையின் தடுப்பும் அதோடு போய்விடும். பெயர் தனியாகத் தெரியும், பாஸ்வேர்டும் தனியாக இருக்கும், பிரிண்டர் மட்டும் எல்லோருக்கும் திறந்திருக்கும். விருந்தினர் வைஃபை வேண்டும் என்றால் ரூட்டரை ரூட்டர் முறையிலேயே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. வீட்டு உபயோகத்தில் இரட்டை அடுக்கால் வரும் தொல்லை, சில ஆன்லைன் விளையாட்டுகளைத் தவிர, பெரிதாக இருப்பதில்லை.

பிரித்துவிட்டால் சில வசதிகள் போகும் என்பதையும் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். விருந்தினர் வைஃபையில் இருக்கும் போனிலிருந்து ஹால் டிவிக்குப் படம் அனுப்ப முடியாது, பிரிண்ட் கொடுக்கவும் முடியாது. பிள்ளைகள் பயிற்சித்தாளை பிரிண்ட் எடுக்க வேண்டும் என்றால் சித்திக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப, அவர் தன் போனிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். அதற்காக அந்த “Allow” வரியை ஆன் செய்துவிடாதீர்கள். இணையத்தின் வேகமும் பொதுவானதுதான். மாடியில் இரண்டு பேர் படம் பார்த்தால் கீழே அது தெரியும். சில மாதிரிகளில் விருந்தினருக்கு வேக வரம்பு வைக்கலாம், இருந்தால் வையுங்கள். வீட்டு நெட்வொர்க்கும் விருந்தினர் வைஃபையும் வெளி உலகத்துக்கு ஒரே முகவரியாகத்தான் தெரியும். விருந்தினர் ஒருவர் அந்த இணைப்பில் தகாத காரியம் செய்தால், விசாரணை முதலில் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் வரும். அதனால் இந்த பாஸ்வேர்டையும் தெருவுக்கெல்லாம் கொடுப்பதற்கில்லை.

பிள்ளைகளுக்கு பாஸ்வேர்டை வாயால் சொல்லி எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று ட்யூஷன் அறையில் கியூஆர் கட்டம் ஒன்றை அச்சிட்டு ஒட்டினோம். எந்த கியூஆர் தயாரிக்கும் செயலியிலும் இந்த வரியைப் போட்டால் போதும். பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் உங்களுடையதாக மாற வேண்டும்.

```
WIFI:T:WPA;S:TuitionGuest;P:kanakku-2pathivu;;
```

கேமராவைக் காட்டினால் போன் இணைந்துவிடும். அந்தக் கட்டத்துக்குள் பாஸ்வேர்டு மறைவு எதுவும் இல்லாமல் அப்படியே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. விருந்தினர் வைஃபைக்கு மட்டுமே இப்படிச் செய்யலாம், வீட்டு வைஃபைக்கு வேண்டாம். பரீட்சை முடிந்து பழைய பிள்ளைகள் போனதும் செயலியில் விருந்தினர் பாஸ்வேர்டை மாற்றி, புதுக் கட்டத்தை ஒட்டினால் போதும். குறிப்பிட்ட ஒரு போனை மட்டும் செயலியில் தடுத்து வைக்கலாமே என்று கேட்பார்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தம் அடையாள எண்ணை மறைத்து, நெட்வொர்க்குக்கு ஒரு போலி எண்ணைக் காட்டுகின்றன. பெயரை மறந்து மறுபடி சேர்த்தோ, செட்டிங்ஸில் மாற்றியோ சில போன்களில் அந்தத் தடையைத் தாண்டிவிடலாம். பாஸ்வேர்டை மாற்றுவதுதான் நிச்சயமான வழி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இணைப்பு பழுதாகி கம்பெனி ஆள் வந்து மோடத்தை ரீசெட் செய்தாலோ, வேறு பெட்டி மாற்றிக் கொடுத்தாலோ, நாம் அணைத்து வைத்த அதன் வைஃபை மறுபடி ஓட ஆரம்பிக்கும், நிர்வாக பாஸ்வேர்டும் லேபிளில் உள்ளதாகத் திரும்பிவிடும். கேமராக் கேபிளையும் அவர் வசதிக்கு மோடத்திலேயே செருகிவிட்டுப் போகக்கூடும். அவர் கிளம்பியதும் ஒரு போனை விருந்தினர் வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, ரூட்டரின் எண்ணையும் மோடத்தின் எண்ணையும் கேமராவின் எண்ணையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள்.